காலரா வதந்திக்கு 60 வினாடி வானொலி ஸ்கிரிப்ட்: எங்கே இடிக்கிறது?

செம்பருத்தி · ஜூன் 4, செவ்வாய், காலை 8:10

சமுதாய வானொலிக்கு 60 வினாடி அறிவிப்பு ஒன்று வேண்டும். நிலவரம் இதுதான். போன வாரம் ஒரு பகுதியின் பொதுக்கிணறுகளில் குளோரின் போட்டார்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் அங்கே காலரா நோயாளிகள் கூடினார்கள். "அந்தப் பொடியைப் போட்ட பிறகுதான் நோயே வந்தது" என்ற பேச்சு இப்போது எங்கும் ஓடுகிறது. வரும் திங்கள் (ஜூன் 10) மீதிப் பகுதிகளில் குளோரின் போடப் போகிறார்கள். கிணற்றுக்குக் காவல் இருந்து ஊழியர்களை விரட்டுவோம் என்று சிலர் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வந்து சேர்ந்த ஸ்கிரிப்ட்:

"நேயர்களே! கிணறுகளில் போடப்படும் குளோரினால் காலரா பரவுகிறது என்று சில விஷமிகள் வதந்தி பரப்பி வருகிறார்கள். இது முற்றிலும் பொய். பொதுமக்கள் பீதி அடைய வேண்டாம். நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் உள்ளது. குளோரின் கலந்த நீரைக் குடிப்பதால் எந்தப் பாதிப்பும் இல்லை. காய்ச்சிய நீரைப் பருகவும். சோப்புப் போட்டுக் கை கழுவவும். ஈ மொய்த்த பண்டங்களைத் தவிர்க்கவும். சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருக்கவும். வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உடனடியாகச் சிகிச்சை மையத்தை அணுகவும்."

படித்தால் குறை தெரியவில்லை. காதில் கேட்டால் ஒட்டவில்லை. எங்கே இடிக்கிறது?

கதிர் · ஜூன் 4, காலை 8:55

முதல் வரியிலேயே இடிக்கிறது. வதந்தியை எந்தக் காலத்திலும் திரும்பச் சொல்லக் கூடாது. நீங்கள் சொன்னால் கேள்விப்படாதவனும் கேள்விப்படுவான். முதல் இரண்டு வரியை வெட்டிவிடுங்கள், மீதி சரியாக இருக்கிறது.

ஒலிவாங்கி · ஜூன் 4, காலை 9:30

மீதியும் சரியில்லை. ஐந்து வேலை சொல்கிறது: காய்ச்சு, கழுவு, தவிர், தூய்மை செய், மையத்துக்குப் போ. அறுபது வினாடியில் ஒருவர் மனதில் நிற்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வானொலியில் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. பாதியில் காது கொடுப்பவர்தான் அதிகம்.

இன்னொன்று. நம் மொழியில் மறுப்பு வாக்கியக் கடைசியில் வரும். "குளோரின் கலந்த நீரைக் குடிப்பதால் எந்தப் பாதிப்பும்..." வரைக்கும் கேட்டவர், குறுக்கே ஒரு வண்டி போய் "இல்லை" காதில் விழாமல் போனால், எதை எடுத்துக்கொண்டு போவார்? "குளோரினால் காலரா பரவுகிறது என்று..." என்பதும் அதே கதை. முதல் பாதி வதந்தியின் சொந்தக் குரலில் ஒலிக்கிறது, மறுப்பு அடுத்த வாக்கியத்தில்தான் வருகிறது. எதிர்மறையை நேர்மறையாகத் திருப்புங்கள். "பாதிப்பு இல்லை" என்பதற்குப் பதில் "குளோரின் காலராக் கிருமியைக் கொல்லும்." இதை எங்கே அறுத்தாலும் தப்பான பொருள் வராது.

நாடி · ஜூன் 4, பகல் 12:20

கதிர் சொன்னது பாதி சரி. வதந்தி ஒரு தெருவில் மட்டும் இருந்தால் அதை அலைவரிசையில் எடுக்கக் கூடாது. அந்தத் தெருவுக்கு ஆள் போய்ப் பேச வேண்டும். ஆனால் இங்கே காவல் போடும் அளவுக்குப் பரவிவிட்டது. இந்த நேரத்தில் அதைத் தொடாமல் பேசினால், கேட்பவர் தன் மனதில் இருக்கும் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று கவனிப்பார். ஒரு தடவை, சுருக்கமாக, உண்மையைச் சொன்ன பிறகு சொல்லலாம். திருப்பிச் சொன்னாலே வதந்தி வலுத்துவிடும் என்ற பயம் முன்பு நிறைய இருந்தது. பிந்தைய ஆய்வுகள் அதைப் பெரிதாக உறுதி செய்யவில்லை. தெளிவான மாற்று விளக்கம் இல்லாமல் வெறுமனே "பொய்" என்று சொல்வதுதான் வேலைக்கு ஆகாதது.

இந்த ஸ்கிரிப்டின் பெரிய ஓட்டையும் அதுதான். மக்கள் கண்ணால் பார்த்ததை அது பொய் என்கிறது. பொடி போட்ட *பிறகு* நோயாளிகள் கூடியது உண்மை. காலராக் கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளிப்படச் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள் வரை ஆகலாம். திங்கள் காலை கிணறு சுத்தமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு குடித்தவருக்கு வியாழனிலோ வெள்ளியிலோ நோய் வரலாம். அவர் வீட்டார் பார்வையில் வரிசை இதுதான்: பொடி, பிறகு நோய். யாரும் அவர்களுக்கு வேறு விளக்கம் தரவில்லை. அவர்களை "விஷமிகள்" என்று சொன்னால், உண்மையைப் பார்த்தவரைத் திட்டியதாக ஆகும்.

போன வாரம் நடந்ததை இனி மாற்ற முடியாது. ஜூன் 10க்கு மாற்றலாம். நோயாளிகள் சில நாள் கூடுவார்கள் என்பதைப் *பொடி போடும் முன்பே* சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னது நடந்தால், அதே நிகழ்வு சொன்னவர் மேல் நம்பிக்கையாக மாறும். பிறகு சொன்னால் சால்ஜாப்பு.

கதிர் · ஜூன் 4, பகல் 1:05

"இன்னும் பலருக்கு நோய் வரும்" என்று நாமே அறிவித்தால் பீதி கிளம்பாதா? "கட்டுப்பாட்டில் உள்ளது" என்பதில் என்ன தவறு? மக்களுக்குத் தைரியம் வேண்டும்.

நாடி · ஜூன் 4, பகல் 2:40

தைரியம் வேண்டும்தான். ஆனால் பிந்திப் பொய்யாகக் கூடிய உறுதிமொழியில் அது நிற்காது. 1990 மே மாதம், மாட்டு மூளை நோய் பற்றிய அச்சம் இருந்தபோது, பிரிட்டனின் விவசாய அமைச்சர் ஜான் கம்மர் காமிராவுக்கு முன் தன் மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டினார். 1996 மார்ச்சில் அதே நாட்டு அரசு, மனிதருக்கு வந்த புது வகை மூளை நோய்க்கும் மாட்டு நோய்க்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று அறிவித்தது. உறுதியில்லாததை உறுதியாகச் சொன்னதற்கு அந்தப் படத்தைத்தான் இன்றும் காட்டுகிறார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவிய தொடக்கத்தில் "இது உயிரைக் கொல்லும், இதற்கு மருந்து இல்லை" என்று சொன்னார்கள். மருந்து இல்லாத இடத்துக்கு நோயாளியை எதற்குக் கொண்டுபோவது என்று பலர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். பயமுறுத்துவதும் வேலை செய்யாது. என்ன நடக்கும், எதுவரை நடக்கும், நீங்கள் என்ன செய்யலாம், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கெட்ட செய்தியைக் கூடப் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்வார்கள்.

பொன்னி · ஜூன் 4, மாலை 6:15

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. என் மகனுக்கு மூன்று வயது, காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. குளோரின் போட்ட தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். கரைத்தால் மருந்து கெட்டுவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். உண்மையா?

நாடி · ஜூன் 4, மாலை 6:22

கேட்கலாம் அம்மா. குடிக்கும் அளவில் குளோரின் இருக்கும் தண்ணீரில் தாராளமாகக் கரைக்கலாம். ஒரு லிட்டருக்கான பொட்டலம் என்றால் முழுப் பொட்டலத்தையும் சரியாக ஒரு லிட்டரில் போடுங்கள். பாதித் தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடிவிடும், குழந்தைக்கு ஆபத்து. ஒவ்வொரு முறை போன பிறகும் 100 முதல் 200 மில்லி, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி மெதுவாகக் கொடுங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

உங்கள் பக்கத்தில் காலரா இருந்தால், அரிசிக் கஞ்சித் தண்ணீர் போலப் போனால், கண் குழிந்தால், துவண்டு போனால், குடிக்க முடியாமல் போனால், இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் இப்போதே கிளம்புங்கள். வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே போங்கள்.

பொன்னி · ஜூன் 4, இரவு 9:50

காட்டிவிட்டு வந்தோம். காலரா இல்லை என்றார்கள், ஆனாலும் ஓ.ஆர்.எஸ். தொடரச் சொன்னார்கள். நன்றி சார்.

செம்பருத்தி · ஜூன் 4, இரவு 10:30

பொன்னியின் கேள்வியை வதந்திப் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன்: "குளோரின் தண்ணீர் ஓ.ஆர்.எஸ்.ஸைக் கெடுக்கும்." இது பரவினால் இருக்கும் ஒரே மருந்தையும் நிறுத்திவிடுவார்கள்.

கிணற்றடி · ஜூன் 5, காலை 6:40

தண்ணீர்ப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். ஸ்கிரிப்ட் எழுதும் முன் இவை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திறந்த கிணற்றில் போட்ட குளோரின் அப்படியே இருந்துவிடாது. வெயில் தின்னும், கலங்கல் தின்னும், புது ஊற்று வந்து கரைக்கும். பல கிணறுகளில் ஒரு நாளைக்குள் அளவு இறங்கிவிடும். ஆகவே "போட்டோம்" என்று முடித்துவிட்டால் பொய்யாகிவிடும். தினமும் போடும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் "தினமும் போடுகிறோம்" என்று எழுதுங்கள். இல்லையென்றால் ஸ்கிரிப்டைத் தொடாதீர்கள், முதலில் ஏற்பாட்டைச் சரி செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நாடி சொன்ன ஐந்து நாள் கணக்கு கிணற்றோடு நிற்கிறது. வீட்டுக் குடத்தில் ஞாயிறு பிடித்த தண்ணீர் செவ்வாய் வரை இருக்கும். கிணறு சுத்தம், குடம் அழுக்கு. அப்படியானால் ஐந்து நாள் எண்ண வேண்டியது கடைசியாகக் குடித்த பழைய தண்ணீரிலிருந்து.

நாடி · ஜூன் 5, காலை 7:15

குடத்தை விட்டது பெரிய இடைவெளிதான், கிணற்றடி சொல்வது சரி. அப்படியானால் ஸ்கிரிப்ட் சொல்ல வேண்டிய முதல் வேலையே அதுதான்: திங்கட்கிழமை பழைய தண்ணீரைக் கொட்டு. கை கழுவுவது, ஈ எல்லாம் வேறு நாளுக்கு வேறு அறிவிப்பாகப் போகட்டும்.

ஒலிவாங்கி · ஜூன் 5, காலை 7:40

கொட்டச் சொன்னால் தண்ணீர்ப் பஞ்சம் உள்ள வீடு கொட்டாது. செய்ய முடியாததைச் சொன்னால் அடுத்த வரியையும் நம்ப மாட்டார்கள். மாற்று வழி ஒன்று வேண்டும்.

கிணற்றடி · ஜூன் 5, காலை 8:05

கொதிக்க வைக்கலாம். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும். விறகு இல்லாத வீட்டில் அந்தத் தண்ணீரை வீடு துடைக்க, துணி அலச வைத்துக்கொள்ளட்டும். பாத்திரம் கழுவக் கூடாது.

கதிர் · ஜூன் 5, காலை 10:20

பிளீச்சிங் பவுடர் அளவையே அறிவித்துவிடலாமே? ஆயிரம் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று. அவரவர் போட்டுக்கொள்வார்கள், ஒளிவுமறைவு இல்லை என்றும் ஆகும்.

கிணற்றடி · ஜூன் 5, காலை 11:00

வேண்டாம் தம்பி. கணக்கு உண்டு. நல்ல பவுடர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்று பாடத்தில் இருக்கும். ஆனால் மூட்டை பிரித்து வைத்தால் வீரியம் வாரா வாரம் குறையும். கலங்கிய தண்ணீர் குளோரினை உறிஞ்சிக்கொள்ளும். அளவு சரியா என்பதை எடை சொல்லாது, மிச்சக் குளோரின் சோதனைதான் சொல்லும். மாத்திரை போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும், நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மி.கி. நிற்க வேண்டும். வானொலியில் கிராம் சொன்னால் ஒருவர் குறைவாகப் போட்டு நோய் வாங்குவார், இன்னொருவர் கைப்பிடி போட்டு வாந்தி எடுப்பார். பிறகு வதந்திக்குச் சாட்சி தேட வேண்டியதில்லை.

ஒளிவுமறைவு வேண்டாம் என்பது நல்ல எண்ணம். அதை வேறு விதமாகச் செய்யலாம். அந்தச் சோதனையைக் கிணற்றடியில், காவல் இருப்பவர்கள் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். பிறகு சோதித்தவர் முதலில் குடிக்கட்டும்.

நாடி · ஜூன் 5, பகல் 12:10

குடித்துக் காட்டுவதில் எனக்குத் தயக்கம். 1990இன் பர்கர் போல ஆகிவிடாதா?

கிணற்றடி · ஜூன் 5, பகல் 12:35

அங்கே தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டினார்கள். இங்கே அளந்துவிட்டுக் குடிக்கிறார்கள். அளக்காமல் குடித்தால் நீங்கள் சொல்வது சரி.

செம்பருத்தி · ஜூன் 6, இரவு 9:15

தினமும் காலையில் போட ஆள் ஒதுக்கிவிட்டார்கள், விசாரித்துவிட்டேன். புது வரைவு. பேசுபவர் சிகிச்சை மையத்தின் செவிலியர். சனி, ஞாயிறு ஒலிபரப்ப:

"நான் சிகிச்சை மையத்துச் செவிலியர் பேசுகிறேன். திங்கட்கிழமை முதல் தினமும் காலையில் நம் கிணறுகளில் குளோரின் போடுகிறோம். அது காலராக் கிருமியைக் கொல்லும்.

ஆனாலும் அந்த வாரம் புதிதாகச் சிலருக்கு நோய் வரும். அது திங்களுக்கு முன் குடித்த தண்ணீரால் வருவது. உள்ளே போன கிருமி நோயாக வெளிப்பட ஐந்து நாள் வரை ஆகும். சனிக்கிழமைக்குப் பிறகு குறைய வேண்டும்.

'மருந்து போட்ட பிறகுதானே வந்தது?' என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கிருமி முன்பே உள்ளே போயிருந்தது.

திங்கட்கிழமை குடத்தில் உள்ள பழைய தண்ணீரைக் கொட்டுங்கள். முடியாவிட்டால் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

தண்ணீராகப் போனால் ஓ.ஆர்.எஸ். குடித்துக்கொண்டே மையத்துக்கு வாருங்கள். சீக்கிரம் வந்தவர்கள் பிழைக்கிறார்கள்.

தினமும் காலை ஏழு மணிக்கு நிலவரம் சொல்கிறேன்."

ஒலிவாங்கி · ஜூன் 6, இரவு 10:05

இது காதுக்கு ஆனது. தமிழில் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு நூறு சொல் தாண்டாது. இது சரியாக உட்காரும். ஆனால் கடிகாரம் வைத்துச் செவிலியர் குரலில் ஓட்டிப் பாருங்கள். பழக்கமில்லாதவர் மைக் முன்னால் வேகம் பிடிப்பார். ஐந்து நாள் வரியிலும் கொட்டச் சொல்லும் வரியிலும் ஒரு மூச்சு விடச் சொல்லுங்கள். பின்னணி இசை வேண்டாம்.

தாளின் தலையில் சிவப்பு மையில் எழுதுங்கள்: "ஜூன் 9 இரவுக்குப் பின் ஒலிபரப்பாதே." சனிக்கிழமைக்குப் பிறகு குறையும் என்று சொல்லும் பதிவு அடுத்த புதன்கிழமை மறதியில் ஓடினால் அதைவிடக் கேடு இல்லை. கிழமை பெயர் வரும் எந்த அறிவிப்புக்கும் காலாவதித் தேதி உண்டு.

நாடி · ஜூன் 6, இரவு 11:20

"சிலருக்கு நோய் வரும்" என்பது உறுதியாகச் சொல்வது. எனக்கு அது "வரலாம்" ஆக வேண்டும். "குறைய வேண்டும்" நல்ல சொல், மாற்றாதீர்கள். "நின்றுவிடும்" என்று யாராவது திருத்தினால் விடாதீர்கள். ஒரே வீட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், பழைய குடம் இருக்கும். பூஜ்யம் ஆகாது.

"சீக்கிரம் வந்தவர்கள் பிழைக்கிறார்கள்" என்பது நியாயமான வரிதான். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் காலராவில் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வரும். எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் ஸ்கிரிப்டையும் இப்போதே எழுதி வையுங்கள். சனிக்கிழமைக்குப் பிறகு குறையவில்லை என்றால் என்ன சொல்வது? அன்று உட்கார்ந்து எழுதினால் கை நடுங்கும், பழி போடும் வார்த்தை வந்துவிடும். சாரம் இவ்வளவுதான்: குறையும் என்று எதிர்பார்த்தோம், குறையவில்லை, வேறு தண்ணீர் மூலம் இருக்கிறதா என்று இன்று தேடுகிறோம், அதுவரை எல்லாத் தண்ணீரையும் கொதிக்க வையுங்கள், நாளை ஏழு மணிக்குச் சொல்கிறேன்.

கதிர் · ஜூன் 7, காலை 9:00

"நியாயமான கேள்வி" என்று வதந்தி பரப்புபவனுக்கு மரியாதை கொடுப்பது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. ஊழியர்களை அடிக்கப் போகிறவர்கள் அவர்கள். மொசாம்பிக்கின் வடக்குப் பகுதியில் குளோரின் எடுத்துப் போனவர்களைக் காலரா கொண்டுவருகிறார்கள் என்று சொல்லித் தாக்கினார்கள். அங்கேயும் நியாயமா?

நாடி · ஜூன் 7, காலை 9:45

அடிப்பது நியாயமில்லை. அதற்குக் காவல்துறை வேண்டும், வானொலி அறிவிப்பு போதாது. கேள்வி நியாயம். கேட்பவர்களில் அடிக்கத் தயாராக இருப்பவர் கொஞ்சம் பேர்தான். குழம்பியிருப்பவர்கள் பெருங்கூட்டம். ஸ்கிரிப்ட் அந்தக் கூட்டத்தோடு பேசுகிறது. அவர்கள் கேள்வியை மதித்தால், கிணற்றடியில் கம்போடு நிற்பவருக்குப் பின்னால் ஆள் குறையும்.

வதந்தி என்று ஒதுக்கியது உண்மையாகிப் போனதும் உண்டு. 2010 அக்டோபரில் ஹெய்டியில் காலரா வெடித்தபோது, மிர்பலே அருகே ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததுதான் காரணம் என்று உள்ளூர் மக்கள் சொன்னார்கள். ஐ.நா. பல வருடம் பொறுப்பேற்க மறுத்தது. ஆய்வுகள் மக்கள் பக்கமே நின்றன. 2016 டிசம்பரில்தான் பொதுச்செயலர் பான் கி-மூன் ஹெய்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதே நாட்டில், காலராவைப் பரப்பினார்கள் என்று சொல்லி வூடூ பூசாரிகளை அடித்துக் கொன்றதும் அந்த நாட்களில்தான். உண்மையான குற்றச்சாட்டும் கொலைகாரப் பொய்யும் ஒரே வாயில், ஒரே வாரத்தில் ஓடும். "எல்லாம் வதந்தி" என்று மூடினால் இரண்டாவதைத் தடுக்கும் தகுதியும் போய்விடும். பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதில் எது உண்மை?" என்று ஒரு கட்டம் வேண்டும்.

செம்பருத்தி · ஜூன் 7, இரவு 8:30

பதிவு முடிந்தது. கேட்பவர்கள் சிலரை உட்கார வைத்து ஒரே ஒரு முறை ஓட்டினேன். "பிடித்ததா" என்று கேட்கவில்லை. "திங்கட்கிழமை என்ன செய்வீர்கள், வியாழக்கிழமை பக்கத்து வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் என்ன நினைப்பீர்கள்" என்று கேட்டேன்.

இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். முதல் கேள்வியில் இடறல். "பழைய தண்ணீர்" என்பதைச் சிலர் கிணற்றில் இருக்கும் பழைய தண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள், கிணற்றை இறைக்கச் சொல்கிறோம் என்று. "குடத்தில்" என்பது காதில் நிற்கவில்லை. "ஞாயிறு பிடித்துவைத்த குடத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள்" என்று மாற்றி மறுபடி பதிவு செய்கிறோம். "வரலாம்" என்றும் திருத்தியாயிற்று.

கிணற்றடி · ஜூன் 7, இரவு 9:10

கொட்டிய பிறகு புதுத் தண்ணீரை எப்போது பிடிப்பது என்று இல்லை. குளோரின் போட்டு அரை மணி நேரமாவது ஆன பிறகுதான் இறைக்க வேண்டும். விடியலில் வரிசை கட்டுவார்கள்.

ஒலிவாங்கி · ஜூன் 7, இரவு 9:25

அறுபது வினாடியில் இடம் இல்லை. கிணற்றில் நிற்கும் ஊழியர் வாயால் சொல்லட்டும். எல்லாவற்றையும் வானொலியில் ஏற்ற வேண்டாம்.

செம்பருத்தி · ஜூன் 12, புதன், பகல் 1:15

திங்கள் தகராறு இல்லாமல் போனது. இரண்டு கிணறுகளில் மட்டும் வாக்குவாதம், மாத்திரைச் சோதனை காட்டிய பிறகு விட்டுவிட்டார்கள்.

நேற்றிலிருந்து புதுப் பேச்சு: "நாற்றம் அடிக்கிறது, விஷம் கூடிவிட்டது." தொலைபேசி அழைப்புகளில் பாதி இதுதான்.

கிணற்றடி · ஜூன் 12, பகல் 2:00

முதலில் அளந்து பாருங்கள், உண்மையிலேயே கூடியிருக்கலாம். 0.5 அளவிலேயே பலருக்கு வாடை தெரியும். குடிநீரில் குளோரினுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வழிகாட்டு மதிப்பு லிட்டருக்கு 5 மி.கி. அதாவது வாடை தெரிவதற்கும் அந்த வரம்புக்கும் நடுவே நிறைய இடைவெளி இருக்கிறது. சில கிணறுகளில் காலையில் போட்டவுடன் இறைத்தால் மேல்பகுதியில் திட்டாக நிற்கும், அங்கே அளவு கூடுதலாக இருக்கும். வாளியைக் கயிற்றோடு ஏற்றி இறக்கிக் கலக்கிவிட்டார்களா என்று கேளுங்கள். பிடித்த தண்ணீரை மூடாத பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்தால் வாடை குறையும். ஆனால் அதைச் சொல்லத் தொடங்கினால் மக்கள் குளோரின் முழுக்கப் போகும்வரை திறந்து வைப்பார்கள், கைபட்டு மறுபடி அழுக்காகும். யோசித்துச் சொல்லுங்கள்.

நாடி · ஜூன் 12, பகல் 2:30

அளந்த பிறகு அளவு சரியாக இருந்தால் நாளை ஏழு மணிக்கு இரண்டு வரி: "வாடை வருகிறது என்கிறீர்கள். வரும். மருந்து தண்ணீரில் இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. இன்று எல்லாக் கிணறுகளையும் அளந்தோம், அளவு சரி." கூடியிருந்தால் அதையும் சொல்லுங்கள், எந்தக் கிணறு, எப்போது சரியாகும் என்பதோடு.

கதிர் · ஜூன் 12, மாலை 5:40

ஏழு மணி நிலவரத்தில் தினமும் நோயாளி எண்ணிக்கை சொல்கிறீர்களா? இன்று காலை கேட்டேன், நேற்றைவிடக் கூடுதல் என்றார் செவிலியர். என் வீட்டிலேயே "பார்த்தாயா, கூடுகிறது" என்றார்கள். எண்ணை நிறுத்துங்கள்.

நாடி · ஜூன் 12, மாலை 6:30

கதிர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. மையத்துக்கு வரச் சொன்னது நம் அறிவிப்புதான். வீட்டில் கிடந்தவர்களும் இப்போது வருகிறார்கள். *வந்தவர்* எண்ணிக்கை கூடுவது *நோய்* கூடுவதாகாது. கேட்பவருக்கு அந்த வேறுபாடு தெரியாது. நிறுத்துவதைவிட எண்ணைப் பிரித்துச் சொல்லலாம்: இன்று வந்தவர், குணமாகி வீடு போனவர், நோய் தொடங்கிய அன்றே வந்தவர். மூன்றாவது ஏறினால் அது நல்ல செய்தி. அதைச் சொல்லவும் வேண்டும்.

கதிர் · ஜூன் 12, மாலை 6:50

மூன்று எண் ஒலிவாங்கி சொன்ன கணக்குப்படி யார் மனதிலும் நிற்காது.

ஒலிவாங்கி · ஜூன் 12, இரவு 7:20

நிற்காது. ஒன்று தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் வீடு போனவரை எடுப்பேன்.

நாடி · ஜூன் 12, இரவு 7:45

நல்லதை மட்டும் சொன்னதாக ஆகிவிடும். தினமும் எண் சொல்வதாக ஏற்றுக்கொண்ட பிறகு பிடிக்காத எண்ணை விடக் கூடாது. வந்தவர், வீடு போனவர், இந்த இரண்டுமாவது வேண்டும். இறப்பு இருந்தால் அதுவும்.

செம்பருத்தி · ஜூன் 12, இரவு 9:00

நாளைக்கு இரண்டு எண். இறப்பு பற்றி மையத்தோடு பேசிக்கொண்டிருக்கிறேன். குடும்பத்துக்குத் தெரியும் முன் வானொலியில் வரக் கூடாது என்கிறார்கள், அதில் மறுபேச்சில்லை. எந்தப் பகுதி என்று சொல்வதா வேண்டாமா என்பதில்தான் இழுபறி. சொன்னால் அந்தப் பகுதிக்காரரைக் கிணற்றில் சேர்க்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் ஒவ்வொரு பகுதியும் பக்கத்துப் பகுதியைச் சந்தேகிக்கிறது.

கிணற்றடி · ஜூன் 13, காலை 6:10

பகுதியைச் சொல்வதென்றால் கிணற்றோடு சேர்த்துச் சொல்லுங்கள்: இந்தக் கிணற்றில் இன்று காலை அளவு இவ்வளவு, குடிக்கலாம் என்று. ஆட்களைப் பற்றி வேண்டாம்.

நாடி · ஜூன் 13, காலை 6:35

கிணற்றின் பெயரே அங்கே பகுதியின் பெயராக இருந்தால்?